படத்தின் கீழே ஒரு வரி, படத்தின் உள்ளே ஒரு வரி

செம்மணி சித்துப்பாத்தி மனிதப் புதைகுழியில் மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி நீதிமன்ற உத்தரவின் பேரில் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. யாராவது வந்து, “இது என் பிள்ளையினுடையது” என்று சொல்லக்கூடும் என்பதே அதன் நோக்கம். அதற்கு முந்திய வாரங்களில் நீல நிறப் புத்தகப்பை, பொம்மை ஆகியவற்றின் படங்கள் தமிழ் இணையத்தளங்கள் எல்லாவற்றிலும் வந்திருந்தன. அவற்றில் பலவற்றின் கீழே இருந்த வரி “நெஞ்சை உலுக்கும் காட்சி” என்பது போன்றது. பார்க்க முடிந்தவருக்கு அந்த வரி தேவையில்லை. பார்க்க முடியாதவருக்கு அதனால் பயனில்லை.

போரில் பார்வையை இழந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். எறிகணைச் சிதறலும் கண்ணிவெடியும் கண்ணைப் பறித்தவர்கள் இன்று கைத்தொலைபேசியில் திரைவாசிப்பான் மூலம் செய்தி கேட்கிறார்கள். விரலால் ஒருமுறை தள்ளினால் ஒரு பந்தி, இன்னொரு முறை தள்ளினால் அடுத்த பந்தி. குரல் வாசித்துக்கொண்டே போகும். இடையில் ஒரு படம் வரும்போது என்ன நடக்கிறது என்பதை என்னைப் போன்ற செய்தியாளர்களில் பெரும்பாலானோர் ஒருநாளும் காதால் கேட்டதில்லை.

புதுக்குடியிருப்பைச் சேர்ந்த ஒரு அண்ணை எனக்குக் கேட்கக் காட்டினார். 2009இல் இரண்டு கண்களையும் இழந்தவர். நினைவேந்தல் பற்றிய ஒரு செய்தியைத் திறந்தார். தலைப்பு, திகதி, முதல் பந்தி எல்லாம் நல்ல தமிழில் வந்தன. பிறகு அதே குரல் ஆங்கிலத்துக்கு மாறி, ஐ, எம், ஜி என்று தொடங்கி ஒரு நீண்ட எண்ணை வாசித்தது. கமெரா தானாகவே கோப்புக்கு வைத்த பெயர் அது. அதற்குப் பிறகு, “கண்ணீரில் நனைந்த முள்ளிவாய்க்கால்” என்ற வரி வந்தது.

“இதுதான் தங்கச்சி படம் எண்டது. ஒரு நம்பரும் ஒரு கண்ணீரும்” என்றார்.

அந்தப் பக்கத்தின் உள்ளே இருந்தது இவ்வளவுதான்:

```
<img src="IMG_20230518_101532.jpg">
<figcaption>கண்ணீரில் நனைந்த முள்ளிவாய்க்கால்</figcaption>
```

இருக்க வேண்டிய இன்னொரு சிறு பகுதி அதில் இல்லை. alt என்று எழுதி, சமக்குறி போட்டு, மேற்கோளுக்குள் படத்தில் இருப்பதைச் சொல்லும் இடம் அது. அதை மாற்று உரை என்கிறோம். திரையில் அது தெரியாது, திரைவாசிப்பான் மட்டும் வாசிக்கும். அது இல்லாவிட்டால் சில கருவிகள் கோப்பின் பெயரை வாசிக்கின்றன. சில, படம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கின்றன. கீழே எல்லோருக்கும் தெரியும்படி வரும் வரி படவிளக்கம். இரண்டும் வேறு வேறு வேலைக்குரியவை. பல தளங்களில் மாற்று உரைக்கான பெட்டியைக் கண்டுபிடித்தவர்கள்கூட படவிளக்கத்தையே பிரதி எடுத்து அதில் ஒட்டிவிடுகிறார்கள். அப்போது கேட்பவருக்கு ஒரே கண்ணீர் இரண்டு தடவை வருகிறது.

கடந்த சில மாதங்களாக ஒரு செய்தித் தளத்தின் பழைய கட்டுரைகளில் உள்ள படங்களுக்கு இந்த இரண்டு வரிகளையும் திருத்தி எழுதும் வேலையைச் செய்து வருகிறேன். அதில் ஒரு படத்தை மட்டும் எடுத்து எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

2024 மார்ச்சில் கிளிநொச்சியில் நான் எடுத்த படம் அது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தைப் பற்றிய கட்டுரையோடு வெளிவந்தது. அதன் படவிளக்கம் இப்படி இருந்தது: “வலிந்து காணாமலாக்கப்பட்ட தமது பிள்ளைகளின் படங்களை ஏந்தியவாறு கொளுத்தும் வெயிலிலும் கண்ணீர் மல்க நீதி கோரிப் போராடும் தாய்மார்.” ஆசிரியபீடத்தில் யாரோ எழுதியது. மாற்று உரை வெறுமையாக இருந்தது.

நான் முதலில் படத்தில் தெரிவதையெல்லாம் எழுதினேன். ஒன்பது பெண்கள், பாய், தகரக் கொட்டகை, அதன் நிழல், பதாகை, அதிலுள்ள எழுத்து, சேலைகள், ஒவ்வொருவர் மடியிலும் சட்டம் போட்ட படம், வரிசையின் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் மாலை போட்ட இன்னொரு படம், பின்னால் வேப்பமரம், வீதியில் ஒரு முச்சக்கரவண்டி. அறுபது சொல்லுக்கு மேல் வந்தது. அதைத் தொலைபேசியில் ஏற்றி, திரையை அணைத்துவிட்டுக் கேட்டேன். முச்சக்கரவண்டிக்கு வரும்போது நாற்காலி மறந்துவிட்டது. மாற்று உரை பந்தி போல் அல்ல. பல கருவிகளில் அதை ஒரே மூச்சில்தான் கேட்க முடியும். நடுவில் நிறுத்தினால் பெரும்பாலும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் 15 சொல்லிலிருந்து 20 சொல் என்பது என் கணக்கு. இது எங்கும் எழுதப்பட்ட சட்டமல்ல, காது தந்த அளவு.

எதை வெட்டுவது? வழக்கமாகச் சொல்லப்படும் பதில், முக்கியமில்லாததை வெட்டு என்பது. அது எதுவும் சொல்லாத பதில். நான் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. இந்தக் கட்டுரையில் இந்தப் படத்தைப் போட்டதால் பார்க்கிற வாசகருக்குக் கிடைப்பது என்ன? கட்டுரை, பதில் கிடைக்காமலே பெற்றோர் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருப்பதைப் பற்றியது. அப்படியானால் படத்தின் செய்தி அந்த நாற்காலிதான். தாய்மாரின் வயதும், அவர்களுடைய மடியில் இருக்கும் படங்களிலுள்ள பிள்ளைகளின் இளமையும் அடுத்தது. மரமும் கொட்டகையும் சேலையும் போகலாம். பதாகையின் வாசகம் கட்டுரையிலேயே வருகிறது, அதுவும் போகலாம்.

இப்போது சொல்லின் வரிசை. இது தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். பழைய படவிளக்கத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். யார் என்பது கடைசிச் சொல்லில்தான் வருகிறது. “காணாமலாக்கப்பட்ட”, “ஏந்தியவாறு”, “கொளுத்தும்”, “மல்க”, “போராடும்” என்று எல்லா அடைகளையும் தோளில் சுமந்துகொண்டு காத்திருந்தால்தான் “தாய்மார்” வந்து சேர்வார்கள். கண்ணால் வாசிப்பவர் ஒரு பார்வையில் முழு வரியையும் பிடித்துவிடுவார், படமும் மேலே இருக்கிறது. காதால் கேட்பவருக்கு மேலே ஒன்றும் இல்லை. ஆகவே ஆளை முதலில் நிறுத்த வேண்டும், பிறகு அவர் செய்வதைச் சொல்ல வேண்டும். வினைமுற்று இல்லாமல் நின்றாலும் பரவாயில்லை.

முதற்சொல்லாக ஆளைப் போட்டு “ஒன்பது வயதான தாய்மார்” என்று எழுதினேன். வாய்விட்டு வாசித்ததும் நிறுத்திவிட்டேன். காதுக்கு அது ஒன்பது வயதுத் தாய்மார். எழுத்தில் சூழலைக்கொண்டு சமாளிக்கக்கூடியது குரலில் அப்படியே பிசகிவிடுகிறது. எண்ணைப் பின்னுக்குத் தள்ளினேன். கடைசியில் நின்ற மாற்று உரை இது:

“வயதான தாய்மார் ஒன்பது பேர் பாயில். ஒவ்வொருவர் மடியிலும் ஓர் இளைஞரின் படம். வரிசையின் கடைசியில் ஆளில்லாத நாற்காலி, அதன்மேல் மாலையிட்ட ஒரு முதியவளின் படம்.”

படவிளக்கமும் மாறியது: “இவர்களோடு இருந்து, மகனைப் பற்றிய பதில் கிடைக்காமலே இறந்துபோன தாய்க்காக ஒதுக்கப்பட்ட நாற்காலி. கிளிநொச்சி, 2024 மார்ச்.” கண் பார்ப்பது மாற்று உரையில். கண்ணுக்குத் தெரியாதது, அதாவது யார், எங்கே, எப்போது, ஏன் என்பவை படவிளக்கத்தில். படவிளக்கம் பார்வையுள்ளவருக்கும் வேண்டியதுதான். நாற்காலி எதற்கு என்று பழைய வரியிலிருந்து அவருக்கும் தெரிந்திருக்காது.

கண்ணீர் எங்கே என்று தளத்தின் ஆசிரியர் கேட்டார். படத்தில் ஒருவர்கூட அழவில்லை. இரண்டு பேர் ஏதோ கதைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் வெற்றிலை மடிக்கிறார். இதை அந்த அண்ணையிடம் சொன்னபோது அவர் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது: “நீங்கள் போடுற எல்லாப் படத்திலையும் சனம் அழுகுது. உண்மையா அழுதவையோ, சும்மா இருந்தவையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? கண் இருக்கிறவன் பாத்துப் பிடிச்சிடுவான்.” படத்தைப் பார்ப்பவர் நம்முடைய உணர்ச்சிச் சொல்லை படத்தோடு ஒப்பிட்டுத் தள்ளிவிட முடியும். கேட்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருக்கு நம்முடைய சொல்தான் சாட்சி. அழுதால் அழுகிறார் என்று எழுதலாம். “நெஞ்சை உலுக்கும்” என்பது படத்தில் இருப்பதல்ல, எழுதியவருக்கு நேர்ந்தது.

நிறத்தைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். பார்வையற்றவருக்கு நிறம் எதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள்கூட நிறங்களுக்கு ஊரில் என்ன அர்த்தம் என்று அறிந்தவர்கள்தான். போரில் பார்வை இழந்தவரோ முப்பது வருடம் நிறம் பார்த்தவர். “மே பதினெட்டில சிவப்பு மஞ்சள் கொடி கட்டியிருக்கு எண்டா எனக்கு அந்த இடமே வந்திடும்” என்றார். எனவே நிறத்துக்கு அர்த்தம் இருக்கும் இடத்தில் எழுதுகிறேன். சேலையின் நிறத்தை எழுதுவதில்லை.

அதே கிளிநொச்சிப் படம் பின்னர் இன்னொரு கட்டுரையிலும் வந்தது. அது போராட்டக்காரர்கள் கண்காணிக்கப்படுவது பற்றியது. படத்தின் வலது ஓரத்தில், வீதியின் மறுகரையில், மோட்டார் சைக்கிளில் இருந்தபடி ஒருவர் தொலைபேசியை இந்தப் பக்கம் உயர்த்திப் பிடித்திருக்கிறார். முதல் கட்டுரையில் அவர் வெட்டுப்பட்டதில் தவறில்லை. இரண்டாவதில் அவர்தான் படமே. அங்கே மாற்று உரை இப்படி ஆனது: “வீதியின் மறுகரையில் மோட்டார் சைக்கிளில் ஓர் ஆண், தொலைபேசியை உயர்த்தியபடி. இப்பக்கம் பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார் ஒன்பது பேர்.” அவர் புலனாய்வாளர் என்று நான் எழுதவில்லை. படம் அதைச் சொல்லவில்லை. கட்டுரையில் தாய்மார் சொன்னதாக அது வருகிறது, அங்கேயே இருக்கட்டும்.

ஆகவே ஒரு படத்துக்கு ஒரே மாற்று உரையை எழுதி எல்லா இடத்திலும் போட முடியாது. வேர்ட்பிரஸ் தளங்களில் வேலை செய்பவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைச் செய்தி இருக்கிறது. படக் களஞ்சியத்தில் எழுதும் மாற்று உரை, படத்தைக் கட்டுரையில் செருகும் அந்த நேரத்தில் மட்டும் பிரதியாகிறது. பிறகு களஞ்சியத்தில் போய்த் திருத்தினால் ஏற்கெனவே வெளியான கட்டுரைகளில் மாறாது. ஒவ்வொன்றாகத் திறந்துதான் மாற்ற வேண்டும். களஞ்சியத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்திவிட்டோம் என்று மகிழ்ந்திருப்பவர்கள் பழைய கட்டுரை ஒன்றைத் திறந்து கேட்டுப் பார்க்க வேண்டும்.

மாற்று உரை திரையில் தெரியாது என்று மேலே சொன்னேன். தெரியாதே தவிர, மறைவானது அல்ல. பக்கத்தின் மூலத்தைத் திறக்கும் எவருக்கும் அது கிடைக்கும், தேடுபொறிகளும் அதைப் படிக்கின்றன. வடக்கு கிழக்கில் இது சிறிய விடயம் அல்ல. முகத்தை மங்கலாக்கிப் போட்ட ஒரு படத்துக்கு, “இடது கை இல்லாத, பாடசாலைச் சீருடையில் உள்ள மகளுடன் நிற்கும் முன்னாள் போராளி” என்று மாற்று உரை எழுதினால், முகத்தை மறைத்ததால் கிடைத்த பாதுகாப்பைச் சொல்லால் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். சிறிய ஊரில் அந்த ஒரு வரி போதும். முகம் மறைக்கப்பட்ட படத்தில், பார்க்கிறவருக்கு எவ்வளவு தெரிய விட்டிருக்கிறோமோ அதற்கு மேல் கேட்கிறவருக்கும் சொல்வதில்லை. பார்க்கிறவருக்கே அடையாளம் தெரிந்துவிடும் என்றால் பிரச்சினை மாற்று உரையில் இல்லை, படத்தைத்தான் மாற்ற வேண்டும்.

செம்மணிக்கு வருகிறேன். அங்கே என்னுடைய 20 சொல் கணக்கு உடைகிறது.

எலும்புக்கூடு உள்ள படத்துக்கு முதற்சொல் “எலும்புக்கூடு” என்றே இருக்க வேண்டும். பார்வையுள்ளவர் அப்படியான படம் வந்தால் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். சில தளங்கள் மங்கலாக்கி எச்சரிக்கையும் போடுகின்றன. கேட்பவருக்கு எச்சரிக்கை என்பது முதற்சொல்தான். அது வந்தவுடன் அவர் விரலால் தள்ளி அடுத்த பந்திக்குப் போய்விடலாம். “மண்ணில் அமைதியாகத் துயிலும்” என்று தொடங்கி ஐந்தாவது சொல்லில் எலும்பைக் கொண்டுவந்தால் தப்ப நேரமில்லை. பலர் ஒலிபெருக்கியில்தான் கேட்கிறார்கள், பக்கத்தில் பிள்ளைகள் இருப்பார்கள்.

அடையாளம் காண்பதற்காக வைக்கப்பட்ட பொருட்களின் படம் வேறு வகை. கேட்பவர் காணாமலாக்கப்பட்ட ஒருவரின் தாயாகவோ சகோதரனாகவோ இருக்கலாம். அவருக்கு “ஒரு செருப்பு” என்பது விவரணை அல்ல. ஒரு செருப்பின் படம் என்று வைத்துக்கொள்வோம். மாற்று உரையில் பொருளும் நிறமும் மட்டும் போதும்: “சிறு பிள்ளையின் செருப்பு, ஒன்று மட்டும், நிறம் மங்கியது. விவரம் கீழே.” அந்த “கீழே” என்பதில் எல்லோரும் வாசிக்கக்கூடிய சாதாரணப் பந்தியாக மற்றவை வர வேண்டும். வலதா இடதா, இறப்பரா தோலா, படத்தில் அளவுகோல் வைத்திருந்தால் அதன்படி எத்தனை சென்ரிமீற்றர் நீளம், பட்டி எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது, அறுந்து தைத்த அடையாளம் உண்டா, அடியில் எழுத்தோ எண்ணோ உண்டா, வழக்குத் தொடர்பில் அதற்கு இடப்பட்ட இலக்கம் என்ன. பிள்ளைக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தவர் ஞாபகம் வைத்திருப்பது இவற்றைத்தான். தைத்துக் கொடுத்த நூலின் நிறம் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் அதைப் பந்தியாக, திரும்பத் திரும்ப, சொல் சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கேட்க முடியும். மாற்று உரையில் அப்படி முடியாது.

இங்கே எழுதக்கூடாததும் உண்டு. படத்தில் அளவுகோல் இல்லாவிட்டால் நீளத்தை ஊகித்து எழுதக்கூடாது. “நான்கு வயதுக் குழந்தையின்” என்று எழுதக்கூடாது, வயதைச் சொல்வது சட்ட வைத்திய அதிகாரியின் வேலை. “சிறிய” என்பதுகூட எதனோடு ஒப்பிட்டு என்று தெரிந்தால்தான். ஊகித்து எழுதிய ஒரு சொல்லினால் ஒரு தாய், இது என் பிள்ளையினுடையது இல்லை என்று முடிவெடுத்துத் தொலைபேசியை வைத்துவிடலாம்.

இனி வேகமாகச் சொல்லக்கூடிய சில. அறிக்கைகள். நம்முடைய அமைப்புகளும் கட்சிகளும் இன்னும் கடிதத் தலைப்பில் அச்சடித்து, கையொப்பமிட்டு, அதைப் படம் பிடித்து அனுப்புகின்றன. தளங்களும் அப்படியே போடுகின்றன. மாற்று உரையில் இரண்டு பக்க அறிக்கையைத் திணிக்க முடியாது. “அறிக்கை” என்று போடுவதில் அர்த்தமில்லை. தட்டச்சு செய்து பந்தியாகப் போடுவதுதான் ஒரே வழி. அனுப்பியவரிடம் யூனிகோட் கோப்பைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது. பாமினியில் வந்தால் மாற்றித்தான் போட வேண்டும், திரைவாசிப்பானுக்கு பாமினி என்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்.

மெழுகுதிரிப் படங்கள். நினைவேந்தல் கட்டுரைகளில் இடம் நிரப்பப் போடும், எந்த ஊர் என்று சொல்ல முடியாத, இணையத்தில் எடுத்த சுடர். அவற்றுக்கு நான் எழுதுவதில்லை. இப்படி விட்டுவிடுகிறேன்:

```
alt=""
```

உள்ளே ஒன்றும் இல்லாத மேற்கோள். அதைக் கண்டால் திரைவாசிப்பான் படத்தைச் சொல்லாமலே கடந்துபோகும். alt என்பதையே விட்டுவிடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், கோப்பின் பெயரைக் கேட்பதற்கும் கேட்காமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசம். “படம்” என்ற சொல்லோடு மாற்று உரையைத் தொடங்குவதும் தேவையில்லை. கருவியே அதைச் சொல்லிவிடும், பிறகு “படம், படம்” என்று வரும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்கிறேன். பக்கத்தில் இருப்பவருக்குப் படத்தைக் காட்டாமல் மாற்று உரையை ஒருமுறை மட்டும் வாசித்துக் காட்டுவேன். பிறகு கேட்பேன்: யார், எத்தனை பேர், என்ன செய்கிறார்கள்? அவர் சொன்ன பிறகு படத்தைக் காட்டுவேன். அவர் “ஓ” என்று ஆச்சரியப்பட்டால் எதையோ விட்டிருக்கிறேன், அல்லது இல்லாததைச் சேர்த்திருக்கிறேன். கிளிநொச்சிப் படத்தின் முதல் வடிவத்தில் என் தம்பி, தாய்மார் நிற்கிறார்கள் என்றே நினைத்திருந்தான். “பாயில்” என்ற சொல் அதன் பிறகுதான் சேர்ந்தது.

ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம், கடினமானதற்குப் பதினைந்து. தளத்தில் பத்து வருடப் படங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் நான் முடிக்கப் போவதில்லை. எடுத்தவர்கள் இன்னும் தொலைபேசியில் கிடைக்கக்கூடிய படங்களை முதலில் செய்கிறேன். நாற்காலி யாருக்காக என்று படத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்திருக்காது, அங்கே நின்றதால்தான் தெரியும். இந்த வாரம் கேப்பாப்புலவு காணிப் போராட்டத்தின் 2017ஆம் ஆண்டுப் படங்கள். எடுத்த நண்பர் இப்போது கனடாவில். இரவில் அழைத்து ஒவ்வொரு படமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், முட்கம்பிக்கு எந்தப் பக்கம் நின்று எடுத்தது என்று.